காலி அறையில் வரைந்த கட்டில்

அக்கா, வணக்கம். பினாங்கு கெலுகோரில் அப்பா விட்டுப்போன அபார்ட்மென்ட் வீட்டை விற்கப் போகிறோம். ஐந்தாவது மாடி, மூன்று அறை. வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள், வீடு காலி. காலி வீட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று எங்கள் ஏஜென்ட் விர்ச்சுவல் ஸ்டேஜிங், அதாவது காலி அறைப் படத்தில் கணினியால் சாமான் வரைவது, செய்து ஐந்து படங்கள் அனுப்பினார். ஹாலில் சோபா, பெரிய அறையில் கட்டில், அலமாரி, சமையலறையில் புது கபினட் எல்லாம் வந்துவிட்டன. ஜன்னல் கிரில்லைக் காணோம், எதிர் புளோக் இருந்த இடத்தில் கடல் தெரிகிறது. பின் அறை சீலிங்கில் இருந்த தண்ணீர்க் கறையும் இல்லை. "கீழே சின்னதாக எடிட் செய்த படம் என்று போட்டுவிடலாம், எல்லாரும் செய்கிறார்கள்" என்கிறார். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. எதுவரைக்கும் சரி, எதற்கு லேபல் போட வேண்டும்? பழைய படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

– கெலுகோர் வாசகர்

தம்பிக்கு வணக்கம். பத்துப் படங்களையும் ஜோடி ஜோடியாகத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஐந்தில் ஹால் படத்தைத் தாராளமாகப் போடலாம். பெரிய அறைப் படத்தைத் திருத்தி வாங்கினால் போடலாம். மற்ற மூன்றும் எந்த லேபல் ஒட்டினாலும் தேறாது. அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு ஒப்பாதது அந்த மூன்றாகத்தான் இருக்கும்.

வீடு விற்கும் இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகிறது. எது சரி என்று பார்க்க நான் வைத்திருப்பது லாரிக் கணக்கு. வீட்டைக் காலி செய்யும்போது லாரியில் ஏறிப் போகிற சாமான் எதுவோ, அதைப் படத்தில் வரையலாம், லேபலோடு. லாரி கிளம்பிய பிறகும் வீட்டோடு நிற்பது எதுவோ, அதைச் சேர்க்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. சோபா லாரியில் ஏறும். கட்டில், கம்பளம், மேஜை விளக்கு, சுவரில் மாட்டும் படம் எல்லாம் ஏறும். டைல்ஸ் ஏறாது. ஜன்னல், கிரில், தூண், சீலிங் பீம், சுவிட்ச், கறை, விரிசல் எதுவும் ஏறாது. எதிர் புளோக் ஏறவே ஏறாது.

கொஞ்சம் குழப்பமானவை நடுவில் நிற்பவைதான். ஏர்கோன், சீலிங் காற்றாடி, வாட்டர் ஹீட்டர், சமையலறை கபினட். கழற்றி எடுத்துப் போக முடியும் என்றாலும், நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர் இவற்றை வீட்டோடு வருபவை என்றுதான் நினைப்பார். விளம்பரத்திலேயே முழு பர்னிச்சர், பாதி பர்னிச்சர், வெறும் வீடு என்று பிரித்துத்தான் போடுகிறோம். பாதி பர்னிச்சர் என்றால் பெரும்பாலும் கபினட், ஏர்கோன், காற்றாடி இருக்கும் என்று அர்த்தம். அதனால் இல்லாத கபினட்டை வரைவது அலங்காரம் ஆகாது. வீட்டின் விலையில் சேரும் ஒரு பொருள் இருப்பதாகச் சொல்வது அது. உங்கள் சமையலறையில் உண்மையில் ஒரு சிமெண்ட் மேடையும் சிங்க்கும் மட்டும்தான் இருக்கின்றன. அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு காலி கொண்டோவுக்கு இப்படிப் படம் செய்து போட்டேன். விளம்பரக் குறிப்பில் "படங்கள் மாதிரிக்கு மட்டும்" என்று ஒழுங்காக எழுதியும் இருந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் அதைப் பார்த்து, படத்தை மட்டும் எடுத்து ஈப்போவில் இருக்கும் மனைவிக்கு வாட்சாப்பில் அனுப்பிவிட்டார். குறிப்பு கூடப் போகவில்லை. அந்த அம்மா மாமியாரையும் கூட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்தார். கதவைத் திறந்ததும் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அலமாரி எங்கம்மா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார்கள். அன்றிலிருந்து லேபலைப் படத்துக்கு வெளியே எழுதுவதில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் பெரிய அறைப் படம். லாரிக் கணக்குப்படி அதில் தப்பு இல்லை. கட்டில், இரண்டு பக்க மேஜை, இரட்டைக் கதவு அலமாரி, எல்லாம் லாரியில் ஏறும் சாமான்தான். இருந்தாலும் அந்தப் படம் பொய் சொல்கிறது, அளவில்.

தரையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் இரண்டடிக்கு இரண்டடி டைல் போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். டேப் வைத்து ஒன்றை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். டைல் தரை இருக்கிற வீட்டுப் படத்தில் அளவுகோல் தரையிலேயே கிடக்கிறது. பழைய காலிப் படத்தில் எண்ணினால் அறை அகலத்தில் நாலரை டைல், நீளத்தில் ஐந்து டைல். அதாவது 9 அடிக்கு 10 அடி. இப்போது கட்டில் போட்ட படத்தில், கட்டில் கால்கள் தரையைத் தொடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். மெத்தையின் மேல் விளிம்பை வைத்து எண்ணினால் கணக்குத் தப்பிவிடும், ஏனென்றால் மெத்தை உயரத்தில் இருப்பதால் பின்னால் இருக்கும் டைலையும் சேர்த்து மறைக்கும். கால்மாட்டில் இடது காலிலிருந்து வலது கால்வரை இரண்டு டைல். பக்கவாட்டில் சுவரிலிருந்து கால்மாட்டுக் கால்வரை இரண்டரை டைல். ஆக அந்தக் கட்டில் 4 அடி அகலம், 5 அடி நீளம்.

நம் கடைகளில் விற்கும் குவீன் மெத்தை 5 அடி அகலம், ஆறேகால் அடி நீளம். படத்தில் இருப்பது அகலத்திலும் நீளத்திலும் சரியாக எண்பது விழுக்காடு. அலமாரி, பக்க மேஜை எல்லாவற்றையும் அதே விகிதத்தில் சுருக்கியிருக்கிறார்கள், அதனால்தான் ஒன்றுக்கொன்று பொருந்தி, கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கிறது. தனியாகக் கட்டிலை மட்டும் சுருக்கியிருந்தால் பார்த்தவுடன் பிடிபட்டிருக்கும்.

எண்பது விழுக்காடுதானே, பெரிய விஷயமா என்று ஏஜென்ட் கேட்கலாம். கட்டில் தலைமாடு ஒரு சுவரில், அலமாரி எதிர்ச் சுவரில். நடுவில் மிஞ்சும் இடம் எவ்வளவு? படத்தில் 10 அடியில் கட்டிலுக்கு 5, சுருங்கிய அலமாரிக்கு 1.6 போக 3.4 அடி மிஞ்சுகிறது. தாராளமாக நடக்கலாம், குழந்தை விளையாடலாம். நிஜத்தில் கட்டிலுக்கு ஆறேகால், அலமாரிக்கு 2 அடி போனால் மிஞ்சுவது ஒன்றே முக்கால் அடி. அந்தச் சந்தில் பக்கவாட்டாக நகரலாம், அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு முன்னால் நிற்க முடியாது. சாமானைக் கொஞ்சம் சுருக்கியதில் நடக்கும் இடம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வீடு வாங்குகிறவர் ஸ்டேஜிங் படத்தைப் பார்ப்பதே "இந்த அறைக்குள் நம் கட்டில் போகுமா" என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த ஒரு கேள்விக்கே படம் தப்பாகப் பதில் சொன்னால், கீழே "பர்னிச்சர் கணினியில் வரைந்தது" என்று லேபல் இருந்தும் பிரயோஜனமில்லை. பர்னிச்சர் நிஜமில்லை என்று லேபல் சொல்லும். அறை அவ்வளவு பெரிதில்லை என்று அது சொல்லாது.

இது எல்லா நேரமும் திருட்டுத்தனமாக நடப்பதில்லை. வரைகிறவர் எங்கேயோ உட்கார்ந்திருப்பார். அவரிடம் படம் மட்டும் போகும், அளவு போகாது. கண்ணுக்கு விசாலமாகத் தெரிகிற மாதிரி அவர் சாமானை வைப்பார். அதிலும் படத்தையே கைபேசியின் 0.5 லென்ஸில் எடுத்திருந்தால் இன்னும் மோசம். அந்த லென்ஸ் எதிர்ச் சுவரைத் தூரமாகத் தள்ளிவிடும், ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டும். உங்கள் பழைய படங்களில் கதவு நிலை ஓரத்தில் அகலமாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் அதுதான். அறைக்கு வெளியே, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, நெஞ்சு உயரத்தில் வைத்து, சாதாரண 1 லென்ஸில் எடுத்தாலே போதும். பாதி அறைதான் விழும் என்றால் இரண்டு படம் எடுங்கள்.

பெரிய அறையைத் திரும்ப வரையச் சொல்லும்போது மூன்று எண்களைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்: அறையின் நீளம், அகலம், ஒரு டைலின் அளவு. கூடவே "குவீன் கட்டில் இரண்டரை டைல் அகலம், மூன்று டைலுக்குக் கொஞ்சம் மேலே நீளம் வர வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். அலமாரியைத் தள்ளு கதவாகப் போடச் சொல்லுங்கள், ஒரு பக்க மேஜை போதும். அறை சின்னதாகத்தான் தெரியும். ஆனால் குவீன் கட்டில் போகிறது, அலமாரியும் நிற்கிறது என்று தெரிகிறதே, 9க்கு 10 அறை தேடுகிறவருக்கு அதுதான் வேண்டும். ஹால் படத்தையும் இதே மாதிரி எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் உட்காரும் சோபா மூன்றரை டைல், அதாவது 7 அடி. சரியான அளவு. அதனால்தான் அந்தப் படம் பாஸ்.

சரி, நாலாவது படம். ஜன்னலும் கடலும்.

இது மேலே சொன்ன மாதிரி சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்த படம் இல்லை. படத்தைக் கொடுத்து "அழகாக்கு" என்றால் முழு அறையையும் புதிதாக வரைந்து தருகிற ஏஐ மென்பொருள்கள் இப்போது கைபேசியிலேயே இருக்கின்றன. அவற்றின் சிக்கல் என்னவென்றால், சோபா மட்டும் கேட்டாலும் அவை மொத்தப் படத்தையும் திரும்ப வரையும். கேட்காததையும் மாற்றும். கண்டுபிடிப்பது சுலபம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் கைபேசி கேலரியில் அடுத்தடுத்து வைத்து, விரலால் முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். மாறாமல் இருக்க வேண்டியது அசையாமல் நிற்கும், மாறியது துள்ளும். உங்கள் நாலாவது ஜோடியில் நான் அப்படித் தள்ளியபோது ஜன்னல் ஒரு முழம் அகலமானது, அதன் பக்கத்தில் இருந்த சுவிட்ச் சாக்கெட் காணாமல் போனது, தரையில் டைல் கோடுகள் குறைந்தன. கிரில்லும் எதிர் புளோக்கும் போனதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், ஆனால் ஏஜென்ட் இந்தச் சாக்கெட்டைக் கவனித்திருக்கவே மாட்டார்.

காட்சியை மாற்றுவது எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பாகப் படுகிறது. கெலுகோரில் சில வீடுகளிலிருந்து பாலம் தெரியும், கடல் தெரியும், அதற்கென்றே ஆட்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து தெரிவது எதிர் புளோக்கின் துணி காயும் கம்பிகள். அதற்கும் வாங்க ஆள் உண்டு, அந்த விலைக்கு. மேகமூட்டமான வானத்தை நீலமாக்குவதுகூட எனக்குப் பிடிக்காது, ஆனால் அதை லேபலோடு விட்டுவிடலாம், வானம் நாளைக்கு மாறிவிடும். எதிர் புளோக் மாறாது.

லேபலே தேவைப்படாத திருத்தங்களும் இருக்கின்றன. இருட்டாக விழுந்ததை வெளிச்சமாக்குவது, சாய்ந்த சுவரை நிமிர்த்துவது, மஞ்சள் பல்பால் மஞ்சளாகத் தெரியும் வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே காட்டுவது, ஓரத்தை வெட்டுவது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வெளிச்சம், நிறம், நேராக்குதல், வெட்டுதல் போன்ற வழக்கமான திருத்தங்களை அது விட்டுவிடுகிறது. ஆனால் பர்னிச்சர், சுவர் நிறம், தரை, ஜன்னல் வழித் தெரியும் காட்சி மாதிரி எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ, படத்தின் மேலோ பக்கத்திலோ தெளிவாகச் சொல்ல வேண்டும், அசல் படத்தையும் பார்க்க வழி கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் லேபல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கோட்டை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். லேபல் போட்டாலும் ஜன்னலையும் தரையையும் தொடக்கூடாது என்பது என் சொந்தப் பிடிவாதம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போன பெட்டியையோ பழைய மெத்தையையோ படத்தில் அழிப்பதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பெட்டியை அழித்தால் அதன் பின்னால் இருக்கும் சுவரை மென்பொருள் கற்பனையாகத்தான் வரையும். அங்கே பொரிந்த பெயிண்ட் இருந்தால்? பெட்டியை நிஜமாகவே தூக்கி வெளியே வைத்துவிட்டு எடுங்கள், பத்து நிமிட வேலை.

இப்போது லேபல். உங்கள் ஏஜென்ட் சொல்லும் "எடிட் செய்த படம்" போதாது. எதை எடிட் செய்தார்கள் என்று அது சொல்வதில்லை. வெளிச்சம் கூட்டியதற்கும் அதே வார்த்தை, கடலை வரவழைத்ததற்கும் அதே வார்த்தை. என்ன பொய், என்ன நிஜம் என்று இரண்டையும் லேபல் சொல்ல வேண்டும். நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் இப்படிப் போடுகிறேன்:

```
Perabot digital. Bilik sebenar kosong.
Virtually staged. Actual room is vacant.
```

பர்னிச்சர் கணினியில் வரைந்தது, உண்மையான அறை காலி என்று அர்த்தம். தமிழ் ஆட்களுக்கு அனுப்பும் படமாக இருந்தால் தமிழிலும் போடலாம். இந்த எழுத்து படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். விளம்பரக் குறிப்பில் எழுதினால் வாட்சாப்பில் படம் மட்டும் பயணம் செய்யும், என் செந்தூல் கதை மாதிரி. படத்தின் ஒட்டிய மூலையிலும் வேண்டாம். வீடு விற்கும் தளங்கள் பட்டியலில் சின்னப் படம் காட்டும்போது ஓரங்களை வெட்டிவிடும், மூலையில் இருக்கும் லேபல்தான் முதலில் போகும். கீழ் விளிம்பிலிருந்து கொஞ்சம் மேலே, நடுவாக்கில், கைபேசியில் பெரிதாக்காமலே படிக்க முடிகிற அளவில் இருக்கட்டும். போட்டுப் பார்த்த பிறகு உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். கண்ணாடி போடாமல் அவர் படித்துவிட்டால் சரியான அளவு.

அப்புறம், ஒவ்வொரு ஸ்டேஜிங் படத்துக்கும் அடுத்ததாக அதே கோணத்தில் எடுத்த காலிப் படம் வர வேண்டும். ஸ்டேஜிங் படம் எல்லாம் முன்னால், காலிப் படம் எல்லாம் கடைசியில் என்று வைத்தால் யாரும் கடைசிவரை தள்ளிப் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் பர்னிச்சர் என்ற கட்டத்தில் வெறும் வீடு என்றுதான் இருக்க வேண்டும். படத்தில் சோபா இருக்கிறதே என்று யாராவது பாதி பர்னிச்சர் என்று தட்டிவிட்டால், லேபலும் கட்டமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்.

கடைசியாக அந்தக் கறை. இது மட்டும்தான் உங்களை நேராகப் பாதிக்கும் விஷயம், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

சீலிங்கில் கறை இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைப் படத்தில் அழித்து, வாங்குகிறவர் அதை நம்பி ஒப்பந்தத்துக்கு வந்தால், அது ஏஜென்ட் தலையில் மட்டும் விடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மோசடிக்கு விளக்கம் சொல்லும்போது, ஏமாற்றும் நோக்கத்தோடு ஒரு விஷயத்தைத் தெரிந்தே மறைப்பதையும் அதில் சேர்க்கிறது. அப்படி வாங்கிய சம்மதத்தால் உண்டான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்ய 19ஆம் பிரிவு இடம் தருகிறது. "இந்த நிலையில் உள்ளபடியே விற்பனை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதே என்று ஏஜென்ட் சொல்வார். உள்ளபடி என்பது வீடு உள்ளபடி, படம் உள்ளபடி இல்லை. வாங்குகிறவர் வீட்டை நேரில் பார்த்திருந்தால் வழக்கு வேறு மாதிரிப் போகலாம். ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்தே முன்பணம் அனுப்புகிறவர்கள் இன்று நிறைய. இது எவ்வளவு தூரம் போகும் என்பதை உங்கள் ஒப்பந்தத்தைத் தயாரிக்கும் லாயரிடம் கேளுங்கள், நான் லாயர் இல்லை. ஏஜென்ட்டுக்கு வேறு சிக்கல். தொழிலாகச் செய்கிறவர் வீடு நிலத்தைப் பற்றித் தவறான விவரம் தந்தால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இருக்கிறது. அவருடைய ஆர்இஎன் என்ற ஏஜென்ட் பதிவு எண்ணைக் கொடுத்த வாரியமும், வீடு நில ஏஜென்ட்டுகளுக்கான 242ஆம் சட்டத்தின் கீழ் அவரைக் கேள்வி கேட்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, "எல்லாரும் செய்கிறார்கள்" என்றால் பதிலுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அதைவிட உபயோகமான வழி ஒன்று இருக்கிறது. பின் அறைக்கு மேலே, ஆறாவது மாடியில் அநேகமாகக் குளியலறை இருக்கும். உங்கள் அபார்ட்மென்ட் மாதிரி அடுக்கடுக்கான ஸ்டிராட்டா வீடுகளில் சீலிங்கில் ஈரமோ கறையோ வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, மேல் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று 2015ஆம் ஆண்டு ஸ்டிராட்டா நிர்வாக விதிமுறைகள் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்த ஐந்து நாளுக்குள் 28ஆம் பாரத்தில் ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும். எங்கிருந்து ஒழுகுகிறது, யார் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் வரும். விற்பதற்கு முன்னால் அந்தத் தாள் கையில் இருந்தால் விலை பேசும்போது நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. "கறை இருக்கிறது, மேல் வீட்டுக் குழாய், இதோ சான்றிதழ்" என்று சொல்லலாம். மேல் வீட்டில் பழுது பார்த்த பிறகு, காய விட்டு, உங்கள் சீலிங்குக்குப் பெயிண்ட் அடியுங்கள். அதற்கப்புறம் எடுக்கும் படத்தில் கறை தெரியாதுதான், ஆனால் அது எடிட் இல்லை. ஒழுகல் நின்றதா என்று தெரியாமல் பெயிண்டை மட்டும் அடித்துவிட்டுப் படம் எடுத்தால், அது தூரிகையில் செய்த எடிட், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுவரைக்கும் பின் அறையைக் கறையோடு எடுத்துப் போடுங்கள். எத்தனையாவது படமாக வைப்பது என்று கேட்டால், கடைசியில் வைத்தாலும் தப்பில்லை, இருந்தால் போதும்.

சமையலறைக்குக் காலிப் படமே நன்றாக இருக்கும். உங்கள் பழைய படத்தில் சிங்க்குக்கு மேலே இருக்கும் ஜன்னலில் நல்ல வெளிச்சம் வருகிறது. மேடையைக் கழுவி, வாடகைக்காரர் விட்டுப்போன அந்தக் கேஸ் குழாயைக் கழற்றிவிட்டு, காலை பத்து மணிக்கு எடுங்கள். கபினட் போட்டால் எப்படி இருக்கும் என்று வாங்குகிறவருக்குக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மேடை எத்தனை அடி, சீலிங் எத்தனை அடி உயரம் என்று அளந்து, அந்தக் காலிப் படத்திலேயே எழுதிவிடுங்கள். கபினட் போடுகிறவர் அவரிடம் முதலில் கேட்கப் போவதும் அந்த அளவுகளைத்தான்.